அந்த இரண்டு மேற்கோள் குறிகள்

எங்கள் ஆபீஸில் வெப்சைட் பக்கங்களை ஏற்றுகிறவன் ஒரு மலையாளிப் பையன். அவன் முகத்தைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். கேட்டதற்கெல்லாம் "செய்யாம் சேச்சி" என்பான், செய்கிறேன் அக்கா என்று; செய்தானா என்று தெரியாது. நான் நாகர்கோவில்காரி, தமிழ்ப் பக்கங்களுக்கு எழுத எல்லை தாண்டி வந்தவள். என்னை ஓரங்கட்டப் பார்க்கிறான் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

ஆரியசாலைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு நாய்க்கடி விளக்கப்படம் செய்தோம். தமிழ் வாசகம் முழுக்க என்னுடையது. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவு, மிளகாய்ப்பொடி வைக்காதே, அன்றைக்கே ஊசி போடு. எல்லாம் படத்துக்குள்ளேயே இருந்தது. மூன்று மாதம் கழித்து அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா போன் செய்தார்.

"விழிஞ்ஞத்துலேருந்து ஒரு பொம்பள நாலாம் நாள் வந்திருக்கா. கடிவாயில மிளகாய்ப்பொடி! மகள் நெட்டுல தமிழ்ல தேடியிருக்கா, ஒண்ணும் கிடைக்கலையாம். நீங்க போட்ட படம் எங்கம்மா?"

உடனே தேடினேன். அந்தப் பக்கம் வரவே இல்லை. முகவரியை நேராக அடித்தால் மட்டும் படம் பளிச்சென்று நின்றது.

இவன்தான்! என் பெயர் கெடட்டும் என்று மறைத்து வைத்திருக்கிறான். அத்தாட்சியோடு பிடிக்க வேண்டும் என்று பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் மூலக்குறியீட்டைத் திறந்தேன்.

பக்கத் தலைப்பு 'Untitled Document' என்றே கிடந்தது. படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மாற்று உரையை எழுத வேண்டிய இடத்தில் வெறும் இரண்டு மேற்கோள் குறிகள், நடுவில் ஒன்றுமில்லை. படத்தைச் சுற்றி ஒரு வரி கிடையாது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி படிக்காது, அதற்கு அது வெறும் படம். பிறகு எதைக் கண்டுபிடிக்கும்?

அதற்குக் கீழே, பக்கத்தில் தெரியாத ஒரு குறிப்பு. மலையாளத்தை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தான்: 'தலைப்பு, மாற்று உரை, விவரணம் - சேச்சி தரும்.'

மெயிலைத் திறந்தேன். தலைப்பும் மாற்று உரையும் கேட்டு அவனுடைய மூன்று மெயில். முதலாவதைப் படித்துவிட்டு, தன் வேலையை என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று விட்டவள் நான். மற்ற இரண்டைத் திறக்கவே இல்லை. அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. படத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவன் யாரிடம்தான் கேட்பான்?

வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். தலைப்பு: 'நாய் கடித்தால் உடனே செய்ய வேண்டிய முதலுதவி'. மாற்று உரை: 'நாய்க்கடி முதலுதவி விளக்கப்படம்: கழுவுதல், மிளகாய்ப்பொடி வைக்காதிருத்தல், அன்றே ஊசி'. படத்துக்குக் கீழே ஒவ்வொரு படியும் சாதாரண எழுத்தில். அவன் அப்போதே ஏற்றினான். சில வாரத்தில் தேடலில் வந்தது. கடிபட்ட அந்தப் பெண் ஊசியெல்லாம் முடிந்து நன்றாக இருக்கிறாள் என்று டாக்டரம்மா சொன்னபோதுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஏற்றிய அன்று, அந்தக் குறிப்பை அழிக்க வேண்டாம், எனக்குப் பாடமாக இருக்கட்டும் என்று அவனிடம் கேட்டேன்.

"அது எதுக்கு? தந்தாச்சல்லோ, சேச்சி" என்று அழித்துவிட்டான்.