இரண்டு முனையும் ஒரு டேப்பும்

செவிலிமேட்டில் வாய்க்காலை ஒட்டி ஒரு மனை. அதைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும் என்று அண்ணனும் தம்பியும் எங்கள் கடைக்கு வந்தார்கள். ஒன்றாக வரவில்லை. அண்ணன் காலையில் வந்து சொல்லிவிட்டுப் போனார். தம்பி மத்தியானம் வந்து அதையே சொன்னார். அண்ணனுக்குத் தறி, தம்பிக்கு சைக்கிள் கடை. தங்கை கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் மேலே வருவது என்பதில் ஆரம்பித்து, இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை.

அப்போது நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வீட்டு பிளான் வரைந்து தரும் ஒரு சின்னக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்தது. குறித்த நாளில் முதலாளி அளவுச் சங்கிலி, செங்குத்து பார்க்கும் கருவி, கூட மாட வேலை செய்யும் ஆள் என எல்லாவற்றையும் திருப்புட்குழிக்கு வேறு வேலையாகக் கொண்டு போய்விட்டார். அளக்க எனக்கு மிஞ்சியது தோல் பெட்டிக்குள் சுருண்டு கிடந்த நூறடித் துணி டேப் மட்டும்.

"டேப்பு போதும்பா. முக்கோணமா பிரிச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

டேப் போதும்தான். ஆனால் அதற்கு இரண்டு முனை. பிடிக்க இரண்டு ஆள் வேண்டும், அங்கே இருந்ததோ அந்த இரண்டு பேர்தான்.

மனையைப் பார்த்ததும் தலை சுற்றியது. நான்கு மூலை இருந்தன, ஒன்றுகூட நேர்மூலை இல்லை. ரோட்டு ஓரம் ஒரு மூலை. வாய்க்கால் கரையில் இரண்டு, அவற்றுக்கு நடுவே கரை வில் மாதிரி வெளியே வளைந்திருந்தது. நாலாவது மூலை முள்ளுப் புதருக்குள்.

"எதுக்கு தம்பி இம்மாம் பாடு? எதிர் எதிர் பக்கத்தைக் கூட்டிப் பாதியாக்கு, ரெண்டையும் பெருக்கு. எங்கப்பா அப்படித்தான் சொல்வாரு," என்றார் அண்ணன் என்னிடம்.

"பெட்டி மாதிரி இருந்தா சரிங்க. கோணலா இருந்தா, இல்லாத நிலம் கணக்குல வந்துடும்."

இல்லாத நிலம் என்றதும் இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அதன் பிறகு முக்கோணத்துக்கு ஆட்சேபம் வரவில்லை.

அண்ணன் ரோட்டு மூலையில் நின்றார். தம்பி டேப்பை இழுத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் புதருக்குத் தூரத்து மூலைக்குப் போனார். டேப் தொய்ந்தது.

"தம்பி, அந்த ஆளை இழுத்துப் புடிக்கச் சொல்லு," என்றார் அண்ணன், அந்த ஆளைப் பார்த்துக்கொண்டே.

நான் திரும்பி, "இழுத்துப் புடிங்க," என்றேன்.

"நான் இழுத்துக்கினுதான் இருக்கேன் சார். அவரை மொதல்ல டேப்பு முனை வளையத்தைக் கல்லு மேல வெக்கச் சொல்லுங்க."

திரும்பி, "வளையத்தைக் கல்லு மேல வெச்சுக்குங்க," என்றேன்.

"வெச்சுக்கினுதான் இருக்கேன்னு சொல்லு."

இப்படியே எழுபத்தெட்டு அடி அளந்து முடித்தோம். அதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒருவர் நிற்க மற்றவர் அடுத்த மூலைக்கு நகர, வாய்க்கால் பக்கம் தொண்ணூறு. அடுத்தது புதர் மூலை. முள்ளை விலக்கிக்கொண்டு தம்பி உள்ளே போய்க் குனிந்தார். அங்கிருந்து வாய்க்கால் மூலைக்கு எண்பத்திரண்டு, ரோட்டு மூலைக்கு ஐம்பத்தைந்து. கடைசியாக ரோட்டு மூலையிலிருந்து வாய்க்கால் கரையில் புதருக்குக் கிட்டத்து மூலைக்குக் குறுக்கே எண்பத்து நாலு. அந்தக் குறுக்குக் கோட்டால் மனை இரண்டு முக்கோணமாகிவிட்டது. மூன்று பக்கம் தெரிந்தால் முக்கோணம் அசையாது. கோணம் அளக்கும் வேலையே இல்லை.

அண்ணன் மனைவி மோர் கொண்டு வந்தார். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து அட்டையில் இருபது அடிக்கு ஒரு அங்குலமாக, காம்பஸால் வில் வெட்டி வரைந்தேன். அளக்காத இன்னொரு குறுக்கையும் அளந்து, படத்தோடு ஒத்துப் போகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. படத்தில் அது நூற்று இருபத்துமூன்றரை அடி வந்தது.

"ஒரே ஒரு அளவு பாக்கி," என்று எழுந்தேன். தம்பி வாய்க்காலின் தூரத்து மூலைக்குப் போனார். அண்ணன் புதருக்குள் நுழைந்தார். தூரம் டேப்பை விட நீளம் என்பதால் நடுவில் ஒரு முளையை நேர் பார்த்து அடித்து, இரண்டு தடவையாக அளந்தோம். நூற்று இருபதரை.

மூன்றடி எங்கேயோ போய்விட்டது.

மறுபடி வரைந்தேன். அதே மூன்றடி. வரைந்தது தப்பா, படித்ததே தப்பா என்று வியர்த்துவிட்டது. தம்பி எட்டிப் பார்த்து, "டேப்பு நைஞ்சு போச்சா சார்?" என்றார். அண்ணன் மட்டும் மோர்ச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. "என்னாய்யா, தெரிஞ்சா சொல்லேன். பாவம் அந்தப் புள்ள."

"எல்லைக்கல்லு புதருக்கு நடுவுல இருக்குது," என்றார் அண்ணன், யாரையும் பார்க்காமல். "அப்ப அந்த ஆளு நின்னது எருமை கட்ற கல்லு மேல. மூணடி தள்ளி."

"அப்பவே பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"நான்தான் அவனோட பேசறதில்லையே."

தம்பி துள்ளி எழுந்தார். "யோவ், நீ பாத்துக்கினே நின்னியா? நான் முள்ளுல காலைக் கிழிச்சுக்கினு நிக்கிறேன், நீ வேடிக்கை பாத்துக்கினு இருந்தியா?"

"கல்லு தெரியாதவன் எதுக்குடா புதருக்குள்ள பூந்த?"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் நேராகப் பேசிய முதல் வார்த்தைகள் இவைதான். அண்ணன் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கோ பரம நிம்மதி. மூன்றடியும் கிடைத்தது, நடுவில் நின்று தூது போகும் வேலையும் ஒழிந்தது.

சரியான கல்லிலிருந்து அளந்தபோது எண்பதும் ஐம்பத்திரண்டும் வந்தன. படத்தில் குறுக்கு ஒத்துப் போனது. இரண்டு முக்கோணமும் சேர்ந்து ஐயாயிரத்து நாற்பது சதுர அடி.

மீதி, கரையின் வளைவு. அந்த இரண்டு மூலைக்கும் நடுவே கயிற்றை நேராகக் கட்டி, பதினைந்தடிக்கு ஒரு குச்சி நட்டோம். ஒவ்வொரு குச்சியிலிருந்தும் கரை வரை கயிற்றுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். கருவி இல்லாததால் ஒரு வழி செய்தேன். அண்ணன் கரையில் வளையத்தைப் பிடித்துக்கொள்ள, நான் டேப்பைக் கயிற்றின் மேல் இப்படியும் அப்படியும் வீசிப் பார்த்தேன். எங்கே அளவு மிகக் குறைவாகப் படிக்கிறதோ அதுதான் செங்குத்து. அது குச்சியில் விழும் வரை அண்ணன் கரையோரம் பக்கவாட்டில் நகர்ந்தார்.

"நகரு நகரு. நண்டு மாதிரி நகரு," என்று தம்பி குரல் கொடுத்தார்.

"நீ வந்து நகர்றா, தண்ணில விழுந்து சாவு."

நாலு, ஏழு, ஒன்பது, எட்டு, ஐந்து. இரண்டு ஓரத்திலும் வளைவு கயிற்றைத் தொடுவதால் அங்கே பூஜ்யம். கூட்டிப் பதினைந்தால் பெருக்கினால் நானூற்றுத் தொண்ணூற்றைந்து. எல்லாம் சேர்ந்து பன்னிரண்டே முக்கால் சென்டுக்குக் கொஞ்சம் குறைவு.

பாதியாகப் பிரிக்கும் கோட்டை ரோட்டு மூலையிலிருந்தே இழுத்தேன். அது கிட்டத்து மூலையிலிருந்து சுமார் இருபதடி தள்ளி வாய்க்காலைத் தொட்டது. பரப்பு இருபுறமும் சமம். ஆனால் ஒரு பங்குக்கு வாய்க்கால் ஓரம் இருபதடி, மற்றதுக்கு எழுபது.

"வாய்க்கா ஓரம் நீளமா இருக்கறது எனக்கு," என்றார் அண்ணன்.

"அது ஏன் உனக்கு? மூத்தவன்னா தண்ணி பாத்தியமா?"

"வெள்ளம் வந்தா கரை அரிக்கும்டா. நீ தாங்க மாட்டே, அதான் நான் எடுத்துக்கறேன்."

"ஓகோ, என் மேல அம்மாம் அக்கறையா? சரி, அரிக்கிறது எனக்கே இருக்கட்டும்."

"அப்ப முள்ளுப் புதர் எனக்கா? எருமை கட்ற கல்லு எனக்கா?"

நான் டேப்பைத் துடைத்துச் சுற்றினேன். எந்தப் பங்கு யாருக்கு என்பது முக்கோணத்தில் வராது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பியபோது அண்ணன் மனைவி தெரு வரை கூட வந்தார்.

"பேசாம இருந்தப்ப வீடு அமைதியா இருந்துச்சுப்பா," என்றார். பெருமூச்சு விட்டாலும் முகத்தில் சிரிப்பு இருந்தது. "ராத்திரிக்கு ரெண்டு பேருக்கும் சேத்துதான் ஆக்கணும் போல."

பஸ் நிறுத்தத்திலிருந்தும் இரண்டு குரலும் கேட்டுக்கொண்டிருந்தன. கடைசியில் வாய்க்கால் ஓரம் நீளமான பங்கைத் தம்பியே எடுத்துக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எருமைக் கல் அண்ணன் பங்கை ஒட்டி இருந்தது, எருமை தம்பியுடையது. அதற்கு வேறு தனியாக ஒரு சண்டை நடந்ததாம்.