மைக் செட் கடையின் மூன்று மாதக் காசு

சங்கரன்கோவில் தேரடிப் பக்கம் என் மச்சானும் நானும் மைக் செட் கடை வைத்திருந்தோம். மச்சான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். ஒரு ஆம்ப்ளிபையர், நாலு குழாய் ஸ்பீக்கர், கல்யாண வீட்டில் போட இருபது ரிக்கார்டு. ஆம்ப்ளிபையர் பாங்கி லோனில் வாங்கியது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு, ஊரே கேட்க "மைக் டெஸ்டிங்" சொல்வதைவிடப் பெரிய உத்தியோகம் எதுவும் தெரியாது.

முதல் வருஷ மழைக்காலத்தில் ரெண்டு மாதம் ஒருத்தரும் செட் கேட்டு வரவில்லை. வாடகை நின்றது. கடை இடத்துக்குச் சொந்தக்காரரான அண்ணாச்சி பூட்டோடு வந்தார். அவர் மருமகனுக்கு அந்த இடத்தில் ஜவுளிக்கடை வைக்க ஆசை. அக்காவின் வளையலை அடகு வைத்துத்தான் அன்றைக்குக் கதவு திறந்திருந்தது.

அதன்பிறகு மச்சான் ஒரு கணக்குப் போட்டார். செட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் பிறந்தால் வாடகை, பாங்கித் தவணை, கரண்ட் எல்லாம் சேர்த்து நூற்றெண்பது ரூபாய் வேண்டும். மூன்று மாதத்துக்கான அந்தத் தொகையைத் தபாலாபீசில் போட்டுவிட்டுத்தான் மறுவேலை என்றார். கல்யாணத்துக்குச் செட் போனால் பத்து ரூபாய், சாவு வீட்டுக்குப் போனால் அஞ்சு என்று சேர்ப்பது. ரெண்டு பேர் கையெழுத்தும் இருந்தால்தான் எடுக்க முடியும் என்று கூட்டுக் கணக்காக ஆரம்பித்தார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

நான் அதற்குக் குட்டி போடாத ஆடு என்று பெயர் வைத்தேன். வருஷம் கழித்து வட்டி ஏறியபோது, "ஆடு ஒரு காதை மட்டும் ஈன்றிருக்கு மச்சான்" என்றேன். கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரும்போதெல்லாம், ஆட்டுக்கு இலை கட்டி எடுத்து வரட்டுமா என்று கேட்பேன். அவர் சிரிக்கவே மாட்டார். ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆனது, ஆடு முழு உருவம் எடுக்க.

முழுத் தொகையும் சேர்ந்த அதே மாதம் சிவகிரியில் ஒருவர் பழைய ஆம்ப்ளிபையரை ஐந்நூறு ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். எனக்கு ராத்தூக்கம் போயிற்று. ரெண்டு செட், ஒரே நாளில் ரெண்டு கல்யாணம். மச்சான் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கஞ்சன், கருமி, இன்னும் வாயில் வந்ததெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பேனாவைக்கூட எடுக்கவில்லை.

சித்திரைக் கடைசியில் கரிவலம்வந்தநல்லூர் கோயில் கொடைத் திருவிழாவில் கரண்ட் எகிறி, எங்கள் ஆம்ப்ளிபையர் புகை விட்டது. அதன் உள்ளே இருந்த டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது. மதுரையில் பார்த்தவர், சாமான் மெட்ராஸிலிருந்து வரவேண்டும், ரெண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார். கொடைக்கும் கல்யாணத்துக்கும் செட் பறக்கிற நேரத்தில் வேறு யார் தங்கள் செட்டை எங்களுக்குத் தருவார்கள்?

மச்சான் ஆடிப்போனார். மறுநாள் காலையில் பணம் எடுக்கும் பாரத்தை நீட்டினார். முழுத் தொகை.

"மாப்ளே, கையெழுத்துப் போடுலே. சிவகிரி செட்ட வாங்கிருவோம்."

எனக்குக் கை துறுதுறுத்தது. நான் கெஞ்சிக் கேட்டது தானாகவே வந்து வாசலில் நிற்கிறது. ஆனால் வாசலுக்கு வெளியே அண்ணாச்சி, மருமகனைக் கூட்டிவந்து கடையின் அகலத்தை முழம் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்குவோம் மச்சான். அதும் பழசு, அதும் புகைஞ்சா? இவரு வாடகைக்கு ஆட்டுக் காதயா அறுத்துக் குடுப்பீரு?"

காலைச் சாப்பாடு கொண்டுவந்திருந்த அக்கா கடைக்கு உள்ளேயிருந்து சொன்னாள்: "ஏலே, ஒனக்கு எப்பல இருந்து புத்தி வந்துச்சு?"

மச்சான் பாரத்தைக் கிழித்துவிட்டு நூற்றெண்பதுக்கு வேறு பாரம் எழுதினார். அன்றைக்கு ஒருவர் முதுகில் ஒருவர் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டோம். சைக்கிளில் தபாலாபீஸ் போய், மாதத்துக்கு ஒருதரம், அந்த மாதத்துக்கானது மட்டும் எடுத்தோம். வைகாசி, ஆனி, ஆடி. முதல் தேதி பிறந்தால் அண்ணாச்சி பூட்டோடு வருவார். நான் வாடகையைக் கையில் வைத்து, "பூட்டுக்கு எண்ணெய் போட்டு வைங்க அண்ணாச்சி, துருப்பிடிச்சிரும்" என்பேன். ஆடியில் பூட்டைக் கொண்டுவரவில்லை.

மூன்றாவது மாதம் எடுத்தபோது புத்தகத்தில் வட்டி மட்டும் மிஞ்சியது. இனி எடுக்க ஒன்றுமில்லை. அந்த வாரமே மதுரையிலிருந்து ஆள் வந்தது: செட் தயார். ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் செட் கேட்டிருந்த தெருக்காரர்களின் அட்வான்ஸை ரிப்பேருக்குக் கொடுத்து, பஸ்ஸில் ஆம்ப்ளிபையரைக் கைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

தபசு அன்றைக்கு வீதி கொள்ளாத கூட்டம். மைக்கைத் தட்டினேன். நாலு குழாயும் ஒரே குரலில் திரும்பத் தட்டின. மச்சான் கம்பத்தடியில் நின்று குழந்தை மாதிரிக் கைதட்டினார்.

அன்றைக்கே செட்டுக்கான மீதி வாடகை கைக்கு வந்ததும் அவர் பத்து ரூபாயைத் தனியாக எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஆடு போச்சு, குட்டி நிக்கி. புல்லு போட்டுட்டு வா."

மூன்று வருஷத்தில் அவர் செய்த முதல் கிண்டல் அது. சைக்கிளை எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் பறந்தேன். திருவிழா என்பதால் அது பூட்டியிருந்தது.