கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள்

இலங்கையின் ரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் எங்கள் தொண்டு நிறுவனம் நடத்திய எழுத்தறிவு வகுப்புகளுக்கு நான்தான் கண்காணிப்பு அலுவலர். கைநாட்டு வைத்துவந்த பெண்களில் எத்தனை பேர் இப்போது வகுப்பின் வரவுப் பதிவில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று மாதாமாதம் எண்ணுவேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை அறிக்கையாக்கி நிதி கொடுப்பவர்களுக்கு அனுப்புவோம். உண்மையில் வாசிக்கத் தெரிகிறதா என்று சோதிப்பது மதிப்பீடு. அதற்கு வெளியாள் வரவேண்டும். வடக்கில் சண்டை மறுபடி மூண்டதும், வெளியாள் வரமாட்டார் என்று, திட்டத்தின் நடுவில் நடக்கவேண்டிய இடைக்கால மதிப்பீட்டை அட்டவணையிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

பலர் தங்கள் பெயரை மட்டும் படம் வரைவதுபோல் பழகியிருந்தார்கள். "நாமளே ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிப் பாப்போம் சேர்" என்று மாத்தளை அலுவலகத்தில் பணிப்பாளரிடம் கெஞ்சினேன்.

"அது மதிப்பீடு தம்பி. திட்டம் முடியும்போதுதான் வரும். நீங்க கண்காணிப்ப மட்டும் பாருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் என்ன செய்வது? எண்ணிக்கையில் பொய் இல்லை. அனுப்பாவிட்டால் வேலை போய்விடும். அனுப்பினேன். பாராட்டி, இன்னும் இரண்டு தோட்டங்களுக்கு நிதி தந்தார்கள்.

அடுத்த மாதம், வகுப்புக்குத் தவறாமல் வரும் கொழுந்தெடுக்கிற அக்கா ஒருவர் அழுதபடி உட்கார்ந்திருந்தார். தானே வேலையைவிட்டு விலகுவதாக எழுதிய தாளில் கையெழுத்து வாங்கி, தோட்டத்து ஆபீசில் அவர் பேரை வெட்டிவிட்டார்களாம்.

"தாள வாசிச்சுக் காட்டலயா அக்கா?"

"கைநாட்டு வச்ச காலத்துல வாசிச்சுக் காட்டுவாங்க சேர். இப்பதான் நான் கையெழுத்துப் போடுறேனே."