முதல் வரியில் என் பெயர்

எனக்குப் பொறுமை கிடையாது. எங்கள் ஆபீஸில் பொறுமைக்கென்று தனியாக ஒருத்தி இருந்தாள். அவள் பெயர் அனுராதா.

தஞ்சாவூரில் பாத்திரக்கடை மாடியில் மூன்று பேர் உட்கார்ந்து வேலை பார்க்கிறோம். நன்னிலம் பக்கத்துப் பிடாரி வாய்க்காலில் எந்த ஊருக்கு எத்தனை நாள் முறைத்தண்ணீர் என்று விவசாயிகளின் போனுக்குச் செய்தி அனுப்புவது எங்கள் மென்பொருள். எத்தனை நாள் என்கிற கணக்கெல்லாம் 'கடைமடை' என்ற ஒரே கோப்பில் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டது அனுராதா. வாய்க்கால் விவசாயிகள் சங்கத்துக்காரர் யாராவது போன் செய்து ஒரு நாளைக் கூட்டச் சொன்னாலும் குறைக்கச் சொன்னாலும், கோப்பில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றுவாள். யார் எதை எப்போது மாற்றினார் என்று சேமித்துவைக்கும் கிட்டில் கமிட் போடும்போது, அதாவது மாற்றத்தைப் பதியும்போது, சொன்னவர் யார், எதற்காகச் சொன்னார் என்று குறிப்பில் எழுதுவாள். "கடுதாசி எழுதுறியாம்மா?" என்று நான் கிண்டல் செய்வேன். அவள் கண்டுகொள்ளமாட்டாள்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை. மதியம் மூன்று மணிக்குச் சங்கத்துக்காரர்கள் ஆபீஸுக்கு வருவதாக இருந்தது. தண்ணீரைப் பற்றிப் பேச அல்ல, அனுராதாவைப் பற்றிப் பேச. வாய்க்காலின் தலைமடையில் பன்னிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் தியாகராசன் ஊர் முழுக்க ஒரு பேச்சைப் பரப்பியிருந்தார். அனுராதாவின் அப்பாவுக்கு வாய்க்கால் முடிகிற கடைமடையில் நிலம். அதனால்தான் அந்தப் பெண் கடைமடைக்கு மூன்று நாளை ஐந்தாக்கிவிட்டது என்று. அவள் அப்பா டீக்கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

"கோப்பைத் திறந்து காட்டினாப் போதும்ணே. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல தேதியும் குறிப்பும் வரும்," என்றாள் அனுராதா.

திறக்கப் போனால் கோப்பே இல்லை.

சீசன் இல்லாததால் மாதக்கணக்கில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எந்த மகராசன் பார்த்த வேலை இது? ஆக்கத் தெரியாதவனுக்கு அழிக்க மட்டும் தெரியுதா?" என்று கத்தினேன். மின்விசிறியைக்கூடத் திட்டினேன்.

பர்வின் எங்கள் மூவரில் இளையவள். "அக்கா, என் லேப்டாப்புல பழைய காப்பி இருக்கு. போட்டுடவா?" என்று கேட்டாள்.

"போட்டா எல்லா வரிக்கும் பக்கத்துல உன் பேரும் இன்னைக்குத் தேதியும்தான் வரும். நேத்து ராத்திரி உக்காந்து எழுதினதும்பாங்க. அழிஞ்ச இடத்தைப் பிடிச்சு, அங்கேருந்துதான் எடுக்கணும்," என்றாள் அனுராதா.

அது எனக்கும் தெரியும். பொம்மை மாதிரி கோப்பு திரும்பி வந்து என்ன பிரயோசனம்? வரிக்கு வரி அதன் பழைய தேதியோடு வந்தால்தான் இவள் தலை தப்பும்.

கோப்பை நீக்கிய கமிட்டை மட்டும் காட்டும்படி அதன் பெயரைக் கொடுத்துத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. பெயரைத் தப்பாக அடித்தேனோ என்று பாதையைச் சரிபார்த்து மறுபடி தேடினேன். ஊஹும். இருந்த கோப்பு இப்போது இல்லை, ஆனால் யாருமே நீக்கவில்லை! இது என்னடா கூத்து? பதினோரு மணி, பன்னிரண்டு மணி, பன்னிரண்டரை. நான் கீபோர்டைக் குத்திய குத்தில் ஒரு விசை கழன்று விழுந்தது. பர்வின் அதை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். வாங்கிவைத்த சாப்பாடு பிரிக்காமல் கிடந்தது.

ஒரு மணிக்கு அனுராதாதான் சொன்னாள். "அண்ணே, தனித்தனியா வேலை பார்த்த ரெண்டு கிளையைச் சேர்க்கிற மெர்ஜ் இருக்கே, அதுல என்ன மாறுச்சுன்னு தானா ஒப்பிட்டுப் பார்க்காது. அதுலயே அழிஞ்சிருந்தா இந்தத் தேடல்ல வராது. ஒரு சின்ன எம் சேர்த்துப் பாருங்க."

மைனஸ் எம் சேர்த்தேன். வந்துவிட்டது. ஏப்ரல் மாதத்து மெர்ஜ் ஒன்று. சேர்வதற்கு முன்னால் இரண்டு கிளையிலும் கோப்பு இருக்கிறது, சேர்ந்த பிறகு இல்லை. செய்தவர் பெயரைப் படித்தேன்.

பரணிதரன்.

அது நான்தான். ஞாபகம் வந்தது. என் புதுத் திரைக்காகத் தனிக் கிளையில் செய்த வேலையை முதன்மைக் கிளையோடு சேர்த்தபோது, இந்தக் கோப்பு இரண்டிலும் வேறுவேறாக இருந்து மோதல் வந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கோப்பையே நீக்கிவிட்டுச் சேர்த்து முடித்தேன். அந்த அப்புறம் வரவேயில்லை. காலையிலிருந்து நான் திட்டியதெல்லாம் என்னையேதான்.

"அந்த மெர்ஜையே இல்லாம ஆக்கிடலாமே," என்றேன்.

"எல்லார்கிட்டயும் போய்ச் சேர்ந்தாச்சுண்ணே. இப்ப வரலாற்றை மாத்தினா பர்வின் வேலையும் குழம்பும். அதோட, அழிச்சு எழுதினோம்னு பேர் வரக்கூடாதுன்னுதானே இவ்வளவு பாடு?"

நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு அவளே உட்கார்ந்தாள். என் மெர்ஜுக்கு முன்பு முதன்மைக் கிளை எங்கே நின்றதோ அங்கிருந்து புதுக் கிளை ஒன்று எடுத்தாள். அங்கே கோப்பு முழுசாக இருந்தது. "இதை அப்படியே சேர்த்தா, ஏற்கெனவே சேர்ந்ததுதான்னு சொல்லி ஒண்ணும் செய்யாது. கோப்புல ஒரு வரியாவது மாறணும். அப்பதான் ஒரு பக்கம் நீக்கியிருக்கு, மறுபக்கம் மாத்தியிருக்கு, எதை வச்சுக்கன்னு நம்மகிட்ட கேட்கும்," என்று பர்வினுக்கு விளக்கினாள்.

அவள் சேர்த்த ஒரு வரியைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. கோப்பின் தலையில், 'ஏப்ரலில் பரணிதரன் செய்த மெர்ஜில் இந்தக் கோப்பு அழிந்தது. ஜூனில் மீட்டது அனுராதா' என்று இருந்தது.

"ஏம்மா, ஒரு புள்ளி வச்சாப் போதாதா?"

"போதும்ணே. ஆனா என் பேருக்கு ஒரு நியாயம், உங்க பேருக்கு ஒரு நியாயமா?"

கமிட் போட்டுவிட்டு அந்தக் கிளையை முதன்மையில் சேர்த்தாள். சொன்னபடியே கிட் கேட்டது. கோப்பை வைத்துக்கொள்ளச் சொல்லி முடித்தாள். வரிவரியாகத் திறந்தோம். தலையில் இருந்த ஒரு வரிக்கு மட்டும் இன்றைய தேதி. மற்றதெல்லாம் அதனதன் பழைய தேதியிலேயே இருந்தது. மணி இரண்டே முக்கால். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சங்கத்தார் ஆறு பேர் வந்தார்கள். தியாகராசன் உட்காரக்கூட இல்லை. "என்னம்மா, உங்கப்பாவுக்கு எத்தனை நாள் தண்ணி போட்டிருக்க இந்த வருசம்?" என்றார். நான் எழுந்தேன். அனுராதா கையமர்த்திவிட்டுக் கோப்பைப் புரொஜெக்டரில் சுவரில் காட்டினாள். ஐந்து நாள் என்ற வரியைத் தொட்டதும் குறிப்பு விரிந்தது. தேதி போன ஜூலை.

"நீங்களே படிங்க ஐயா."

தியாகராசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகவே படித்தார். "கடைமடைக்கு மூன்று நாள் ஐந்தாகிறது. தலைமடையில் நடவு முடிந்தது, இரண்டு நாளைக் கீழே விடச் சொன்னவர்..." அதற்கு மேல் படிக்கவில்லை. அவர் பெயர்தான் அங்கே இருந்தது, போன் செய்த நேரத்தோடு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன். சுத்தமா மறந்துட்டேன்," என்றார். வந்த வேகமெல்லாம் இறங்கிவிட்டது. "உங்கப்பாகிட்ட நானே வந்து பேசுறேன்."

அனுராதா தலையை மட்டும் ஆட்டினாள். கண் கலங்கியிருந்தது. தியாகராசனின் பார்வை சுவரில் மேலே போய் முதல் வரியில் நின்றது.

"அது யாரு, அழிச்ச பரணிதரன்?"

அனுராதா என் பக்கம் திரும்பவேயில்லை. நானே எழுந்து, "நான்தாங்க. எனக்கும் மறந்துபோச்சு," என்றேன்.

அவர் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சரி, உக்காருங்க தம்பி. இந்த வருசம் யாருக்கு எத்தனை நாள்னு பேசி முடிப்போம். நீ எழுதிக்கம்மா," என்றார். "சொன்னவன் பேரோட எழுது."