பேருந்தில் படித்த செய்முறை

எங்கள் கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு மதியம் வேதியியல் செய்முறை என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். திண்டிவனத்தில் நான் பி.எஸ்சி. படித்த கல்லூரியில் அது சுவருக்கு மட்டும்தான். "போர்ஷன் முடியல" என்று சொல்லி அந்த இரண்டு மதியத்தையும் எங்கள் பேராசிரியர் தியரிக்கு எடுத்துக்கொண்டார். கடைசிப் பருவத்தில் ஆய்வகத்துக்குள் நாங்கள் நுழைந்தது இரண்டே முறை. ஆனால் ரெக்கார்டு நோட்டில் பத்துச் சோதனைகளும் இருந்தன. சீனியர்களிடம் வாங்கி, அளவுகள் உட்படக் காப்பி அடித்தோம். ஆக்சாலிக் அமிலச் சோதனையில் ப்யூரெட் என்னும் அளவுக்குழாயிலிருந்து இறங்கியது வகுப்பு முழுக்க 19.8 மில்லி. ஒருவருக்குக்கூட ஒரு சொட்டு மாறவில்லையே என்று பேராசிரியர் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

தேர்வுக்கு இருபது நாள் இருந்தபோது என் தோழியும் நானும் படிப்புக்கு அட்டவணை போட்டோம். செய்முறையில் தவறினால் அரியர். பட்டம் தள்ளிப்போகும், எம்.எஸ்சி. கனவும் போய்விடும்.

"தினம் சாயந்தரம் அரை மணி நேரம் லேப்ல நின்னுக்கினு செஞ்சி பாக்கலாம்டி. அட்டெண்டர் அண்ணன் கிட்ட நான் கேக்குறேன்" என்றாள்.

"ரெண்டு பக்கம் புரொசீஜர்தானே? பஸ்ல படிச்சிக்கலாம்" என்றேன். தியரியில் முதலிடம் வாங்கும் திமிர். செய்முறைக்குக் கடைசி ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினேன். ஞாயிறன்று ஆய்வகம் பூட்டியிருக்கும் என்பதுகூட இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. அவள் தினமும் ஆய்வகத்தில் செய்துபார்த்துவிட்டுக் கோலியனூருக்குக் கடைசி பஸ்ஸில் போனாள். நான் நான்கு மணி பஸ்ஸில் விழுப்புரம் போய்க்கொண்டே மனப்பாடம் செய்தேன்.

தேர்வில் எனக்கு வந்தது அதே ஆக்சாலிக் அமிலம். ப்யூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட் இரண்டு சொட்டு விழுந்ததுமே குடுவை இளஞ்சிவப்பானது, நிறம் மறையவில்லை. அமிலத்தை முதலில் சூடாக்கியிருந்தால்தான் அது மறையும். நூறு முறை படித்த வரி, கைக்குத்தான் தெரியவில்லை. பதறிப்போய்த் தாளில் 19.8 என்று எழுதினேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தாளைப் பார்த்தார், ப்யூரெட்டைப் பார்த்தார். "இருபது மில்லி எறங்குச்சின்றீயே, ப்யூரெட்டு ரொம்பிக்கினு இருக்குதேம்மா?"

பொய் வரவில்லை. "இத இன்னிக்குத்தான் சார் மொதல் தடவ செய்யறேன். லேப் நேரத்துல தியரிதான் நடந்துச்சு."

பக்கத்தில் நின்ற எங்கள் பேராசிரியருக்கு முகம் சிவந்தது. "ரெக்கார்ட பாருங்க சார், பத்தும் செஞ்சிருக்கா. சும்மா சொல்றா" என்றார்.

தேர்வாளர் பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொன்றிலும் பச்சை மையில் கையெழுத்து. நோட்டை மூடி என்னிடம் நீட்டினார்.

தோழி தேறினாள். எனக்கு அரியர். மறு வருடமும் எங்கள் பேராசிரியர்தான் செய்முறைப் பொறுப்பாளர்.