இரண்டு பக்கமும் லாரி

மாதேஸ்வரி எந்த ஒர்க்‌ஷீட்டையும் கடைசி வார்த்தையிலிருந்துதான் படிப்பாள். ஆறு வருடமாகப் பார்க்கிறேன், ஒரு நாளும் மாறியதில்லை. பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தாளின் கீழ் மூலையில் விரலை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக மேலே ஏறுவாள். முதலிலிருந்து படித்தால் கதை இழுத்துக்கொண்டு போய்விடும், எழுத்து கண்ணில் படாது என்பாள். தப்பு அகப்பட்டால் மூடி வாயிலிருந்து தானாகக் கீழே விழும். மூடி விழும் சத்தத்தை வைத்தே ஒரு நாளைக்கு எத்தனை தப்பு என்று நான் சொல்லிவிடுவேன்.

ஓசூரில் பாகலூர் ரோட்டில், ஒரு பேரிங் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆங்கில ஒர்க்‌ஷீட் தயாரித்து, அச்சடித்து, கட்டி அனுப்புகிறோம். நான் அடுக்கி ஸ்டேப்ளர் அடிப்பவள். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்பதால் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டுவேன், அர்த்தம் மெதுவாகத்தான் வரும்.

மாதேஸ்வரிக்குச் சொந்த ஊர் பேரிகை. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், பஸ்ஸில் கன்னடம். பன்னிரண்டாவது முடித்ததும் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குப் போனாள். ஏழு வருடம் பித்தளை வாஷர்களைப் புரட்டிப் பார்த்து, கீறல் இருப்பதைச் சிவப்பு டப்பாவிலும் இல்லாததைப் பச்சை டப்பாவிலும் போட்டாள். ஒப்பந்தம் முடிந்ததும் இங்கே என்னோடு பேக்கிங்குக்கு வந்தாள். வந்த மூன்றாவது வாரம் ஒரு கட்டைப் பிரித்துக்கொண்டு போய் முதலாளி ஆனந்தராஜ் சார் முன்னால் நின்றாள்.

"சார், முதல் பக்கத்துல கலருக்கு யு இருக்குது. மூணாம் பக்கத்துல இல்லீங்க. எது சரிங்க?"

"ரெண்டும் சரிம்மா. ஒண்ணு பிரிட்டிஷ், ஒண்ணு அமெரிக்கா."

"ரெண்டும் சரின்னா ஒரே கட்டுல ரெண்டும் எப்படிங்க சார் இருக்கும்? ஒரு பொட்டில ரெண்டு சைஸ் வாஷர் போட்டா திருப்பி அனுப்பிடுவாங்க."

அவர் கட்டை வாங்கிப் புரட்டினார். முன்பு அமெரிக்காவிலிருந்து ஆன்லைன் டியூஷன்காரர் ஒருவர் ஆர்டர் கொடுத்திருந்தார். அது நின்றதும் அதே ஷீட்டுகளை உள்ளூர்ப் பள்ளிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இங்கே பாடப் புத்தகமெல்லாம் பிரிட்டிஷ் வழக்கம். அவளுக்கு ஒரு கம்ப்யூட்டரும் நாற்காலியும் கொடுத்து, மாற்றச் சொன்னார்.

அவள் ஒரு நோட்டுப் போட்டாள். இடது பக்கம் அமெரிக்கா, வலது பக்கம் பிரிட்டன். கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டோரப் பலகைகளைப் படிப்பாள். சூளகிரி தாண்டும்வரை டயர் கடைகள்தான். எல்லாப் பலகையிலும் ஒய், அமெரிக்க ஷீட்டில் மட்டும் ஐ. சென்டருக்கு நம் ஜெராக்ஸ் கடையில் கடைசி இரண்டு எழுத்து ஆர்-ஈ, அங்கே ஈ-ஆர். மீட்டருக்கும் அப்படியே. எழுத்து மட்டுமில்லை, வார்த்தையே மாறும். அவர்களுக்கு டிரக், நமக்கு லாரி. அவர்கள் இலையுதிர் காலத்தை ஃபால் என்பார்கள், பிரிட்டிஷ் வழக்கில் ஆட்டம். அவர்கள் பேன்ட்ஸ், இங்கே ட்ரவுசர்ஸ். நோட்டு முந்நூறு வரியைத் தாண்டியது.

போன ஜூனில் கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளி, ஐந்தாம் வகுப்புக்கு அறுபது ஷீட் மாதிரிக்குக் கேட்டது. பிடித்தால் எல்லா வகுப்புக்கும் எடுத்துக்கொள்வார்கள். ஐந்தாம் வகுப்புக் கட்டு இன்னும் பழைய அமெரிக்க எழுத்திலேயே இருந்தது, மாற்றுவதற்கு மாதேஸ்வரி நான்கு நாள் கேட்டாள். அந்த வாரம்தான் இளம்பரிதி என்ற பி.இ. படித்த தம்பி சேர்ந்திருந்தான்.

"அக்கா, நோட்டக் குடுங்க. பத்து நிமிசம்" என்றான்.

கொடுத்தாள். பட்டியலைக் கம்ப்யூட்டரில் தட்டினான். இடது பக்க வார்த்தை வரும் இடமெல்லாம் வலது பக்க வார்த்தையைப் போடச் சொல்லி கம்ப்யூட்டருக்கு ஒரு கட்டளை எழுதினான். தட்டியதுதான் நேரம் எடுத்தது, ஓடியது ஒரு நிமிடம்கூட இல்லை.

"தொள்ளாயிரத்துப் பன்னெண்டு எடத்துல மாத்தியிருக்குது சார்."

ஆனந்தராஜ் சார் ஒரு தடவை கம்ப்யூட்டரையும் ஒரு தடவை மாதேஸ்வரியையும் பார்த்தார். "கோவிச்சுக்காத மாதேஸ்வரி. பத்து நிமிச வேலைக்கு ஒரு சேரு எதுக்கு? திங்கக்கெழமையில இருந்து முனிலட்சுமி கூட பேக்கிங் பாரு."

"சரிங்க சார்."

திங்கட்கிழமைக்குக்கூட அவள் காத்திருக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்துவிட்டாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவள் படிக்காத ஷீட்டுகள் அச்சாயின. மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் ஒரு செட்டைக் காரில் போட்டுக்கொண்டு சார் கிருஷ்ணகிரிக்குக் கிளம்பினார்.

மீதிச் செட்டுகளுக்கு நான் ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தேன். இருபத்திமூன்றாவது ஷீட் 'பொருத்துக'. இடது பக்கம் அமெரிக்க வார்த்தை, வலது பக்கம் பிரிட்டிஷ் வார்த்தை, நடுவில் கோடு போட வேண்டும். நூறு தடவை அடித்த ஷீட், அதன் முகம் எனக்குத் தெரியும். அன்றைக்கு முகம் மாறியிருந்தது. இடது பக்கம் லாரி. வலது பக்கமும் லாரி. கலருக்கு எதிரில் கலர், இரண்டிலும் யு. எட்டு வரியும் அப்படியே.

புது மாதிரியோ என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வாயைத் திறக்க ஒரு டீ குடிக்கும் நேரமாவது வேண்டும். டீ குடித்து முடித்து, ஷீட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்குது மாதேசு."

அவள் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். தோள் குலுங்கியது. "முனியக்கா, இத எங்க வீட்டு மாடுகூட பொருத்திடும்."

பிறகு மற்ற ஷீட்டுகளை இழுத்தாள். ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள். வாட்டர்ஃபால் என்று இருந்த அருவி வாட்டர்ஆட்டம் ஆகியிருந்தது. குளியலறையில் வழுக்கி விழாதே என்பதற்கு 'டூ நாட் ஆட்டம்'. இடி 'ஸ்ட்ரக்' என்று இருந்த இடத்தில் எஸ் மட்டும் தப்பித்து, டிரக் லாரியாகி, 'ஸ்லாரி'. போட்டியில் கலந்துகொண்ட பார்ட்டிசிபன்ட்ஸ் எல்லாரும் பார்ட்டிசிட்ரவுசர்ஸ். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஷீட்டுக் கட்டின் மேல் சாய்ந்துவிட்டேன். சத்தம் கேட்டு இளம்பரிதி வந்தான்.

"என்னக்கா, நீங்க குடுத்த லிஸ்ட்தானே."

மாதேஸ்வரியின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஆமா. லிஸ்ட் என்னுது."

அவன் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "முழு வார்த்தையா இருந்தா மட்டும் மாத்துன்னு சொல்லணும். சொல்லாம விட்டுட்டேன்க்கா."

"சொல்லியிருந்தாலும் கீழ விழறவனும் ஃபால்தான், காலமும் ஃபால்தான். பொருத்துக ஷீட்டும் நாசம்தான். நான் எழுதினது மனுசன் படிக்கிறதுக்கு தம்பி. அது எழுத்தத்தான் பாக்குது."

"பழைய ஃபைல் மேலயே சேவ் பண்ணிட்டேன்."

"சந்தோசம்."

மறுபடி சிரிப்பு பீறிட்டது, ஆனால் கை போனைத் தேடியது. செட் இந்நேரம் கிருஷ்ணகிரியில். எங்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் சாருக்குப் போன் போட்டாள். கட் ஆனது. மறுபடி கட். மூன்றாவது தடவை எடுத்தது ஒரு பெண் குரல்.

"ஜைபா பேசறேன். ஆங்கிலம் நான்தான் பாக்கறேன் இந்த ஸ்கூல்ல. உங்க சார் பக்கத்துலதான் இருக்காரு, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். எடிட்டர் மாதேஸ்வரி பாத்து அனுப்பினதுன்னு சொல்றாரு. நீங்கதானா?"

மாதேஸ்வரி போனுக்குக் கிட்டத்தில் குனிந்தாள்.

"பேரு நான்தாங்க மிஸ். ஆனா நான் பாக்கல. பாத்திருந்தா இப்படி வந்திருக்காதுங்க. லிஸ்ட் மட்டும் என்னுது, அத ஒத்துக்கறேன்."

அந்தப் பக்கம் சார் இருமுவது கேட்டது.

"அப்படியா. சரி, பார்ட்டிசிட்ரவுசர்ஸ்னா என்னாங்க?"

"பார்ட்டிசிபன்ட்ஸ் மிஸ்."

"ஸ்லாரி?"

"ஸ்ட்ரக்."

"நிறைய லாரிக்கு வெறும் எஸ் போட்டிருக்குதே?"

"ஒய்ய எடுத்துட்டு ஐ-ஈ-எஸ் வரணுங்க. மிஷினு டிரக்க மட்டும் மாத்திட்டு பழைய எஸ்ஸ விட்டுட்டுப் போயிடுச்சு."

யாரோ பின்னால் சிரித்தார்கள். இன்னும் யாரோ. ஸ்டாஃப் ரூம் முழுக்கக் கூடிவிட்டது போலிருந்தது. ஜைபா மிஸ்ஸும் சிரித்துவிட்டார். "காலையில இருந்து இங்க எல்லாரும் அவங்கவங்க ட்ரவுசர்ஸ பத்தித்தான் பேசறாங்க" என்று திணறினார்.

இங்கே வாயை மூடியிருந்தால் போதும். மாதேஸ்வரி மூடவில்லை.

"மிஸ், பதினாலாவது ஷீட்டப் பாருங்க. அது சிரிப்பா இருக்காது, ஆனா பெரிய தப்பு. அமெரிக்காவுல ஃப்ரைஸ்னா பிரிட்டன்ல சிப்ஸ். அமெரிக்காவுல சிப்ஸ்னா பிரிட்டன்ல கிரிஸ்ப்ஸ். முதல்ல ஃப்ரைஸ சிப்ஸாக்கி, அடுத்து சிப்ஸையெல்லாம் கிரிஸ்ப்ஸாக்கிடுச்சு. இப்ப ரெண்டும் கிரிஸ்ப்ஸ். படிக்கறவங்களுக்குத் தப்புன்னே தெரியாது."

தாள் புரளும் சத்தம் கேட்டது. இளம்பரிதி என் ஸ்டேப்ளரை எடுத்து வெறுமனே அமுக்கிக்கொண்டிருந்தான்.

"இத நான் விட்டுட்டேன்" என்றார் ஜைபா மிஸ். இப்போது குரலில் சிரிப்பில்லை. "சார், திங்கக்கெழம சாயங்காலம் வரைக்கும் டைம். இவங்க படிச்ச ஷீட்டுன்னா வாங்கிக்கறோம். மாதிரி செட்ல ஒவ்வொரு ஷீட் மூலையிலயும் இவங்க கையெழுத்து இருக்கணும். இல்லேன்னா வேண்டாம்."

மத்தியானம் சார் மாடியேறி வந்தார். யாரையும் பார்க்காமல், "அந்தச் சேரு எங்க?" என்றார். இளம்பரிதி ஏற்கெனவே அதைத் துடைத்துக்கொண்டிருந்தான். "பேக்கிங்னு நான் எங்க சொன்னேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே சார் உள்ளே போய்விட்டார்.

நான் அலமாரியிலிருந்து பழைய அச்சுத் தாள்களை இறக்கினேன். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் சரி செய்ய முடிந்தது. நான் பழைய தாளை எழுத்துக் கூட்டிச் சொல்ல, அவள் புதிய தாளில் தேட, இளம்பரிதி ஒவ்வொரு இடமாகத் தட்டினான். சனி, ஞாயிறு, திங்கள். தூக்கக் கலக்கத்தில் எதைச் சொன்னாலும் சிரிப்பாக இருந்தது. ஒரு தடவை இளம்பரிதி படியில் தடுக்கினான். "பாத்து தம்பி, ஆட்டம் ஆயிடாத" என்றேன். நான் கிண்டல் பேசி யாரும் கேட்டதில்லை. இரண்டு பேரும் ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

பொருத்துக ஷீட்டை மட்டும் பழைய தாளில் இருந்தபடியே, இடது பக்கம் அமெரிக்க வார்த்தையோடு திரும்பத் தட்டினோம். அறுபது தாளிலும் மூலையில் 'மா' என்று பச்சைப் பேனாவில் போட்டாள். திங்கட்கிழமை நான்கு மணிக்கு சார் கட்டைக் கொண்டுபோனார். ஆறு மணிக்குப் பள்ளி சரி என்றது.

இப்போது அந்தப் பள்ளிக்கு எல்லா வகுப்புக்கும் எங்கள் ஷீட்டுகள்தான் போகின்றன. மாதேஸ்வரி அந்த நாற்காலியில் இருக்கிறாள், இளம்பரிதி பக்கத்து நாற்காலியில். எந்த மாற்றத்துக்கும் முன்னால் அவன் பழைய ஃபைலைத் தனியாக எடுத்து வைக்கிறான். இந்த வாரம் ஏழாம் வகுப்பு நடக்கிறது. நாற்பது ஷீட் முடிந்துவிட்டது, இருபது பாக்கி.