கெஜட்டில் இல்லாத வேலை

பாலக்கரையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த டைப்ரைட்டிங் பள்ளியில் ரோசரி டீச்சராக இருந்தாள். அப்பா ரயில்வே வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தபோதே இறந்துவிட்டார். அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ரோசரியின் விரல்கள் ஓடியதில்தான் வீடு நடந்தது. மிஷின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பெண் எந்த விரலைத் தப்பாக வைக்கிறாள் என்று சொல்லிவிடுவாள். குரலை உயர்த்தி யாரையும் பேசியதில்லை. அதனால் அவளை எல்லாரும் சாது என்று நினைத்திருந்தார்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ஊரெல்லாம் ரேஷன் வந்திருந்தது. புதிது புதிதாக ஆபீஸ் திறக்கிறார்கள், பெண்களைக்கூட எடுக்கிறார்கள் என்று பேச்சு. அப்போதுதான் சர்க்கார் முத்திரை போட்ட அச்சு நோட்டீஸ் ஒன்று பள்ளிக்கு வந்தது. ரேஷன் இலாகாவுக்கு டைப்பிஸ்டுகளும் குமாஸ்தாக்களும் தேவை. பரீட்சைக் கட்டணத்தை ஸ்பெஷல் ஆபீசர் பெயருக்கு மணியார்டரில் அனுப்ப வேண்டும். தேறியவர்கள் டெபாசிட் கட்டினால் உடனே உத்தரவு கிடைக்கும். பள்ளி முதலாளி பராசரன் அதைச் சுவரில் ஒட்டினார். பெண்கள் முண்டியடித்துக்கொண்டு படித்தார்கள். ரோசரியும் படித்தாள். சர்க்கார் வேலை, மாதச் சம்பளம், அம்மாவின் கண்ணுக்கு வைத்தியம். அன்று சாயங்காலமே போய் அவளும் மணியார்டர் அனுப்பினாள்.

அவளிடம் படித்தவர்களில் கெட்டிக்காரி கோதைநாயகி. ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அவள் அப்பா கோயில் மடைப்பள்ளியில் கைங்கர்யம் செய்பவர். ஒருநாள் அவள் வெறுங்கையாக வந்ததை ரோசரி கவனித்தாள்.

"வளையல் எங்கே கோதை?"

"டெபாசிட்டுக்காக அடகு வச்சாச்சு டீச்சர். ஞாயித்துக்கிழமை பரீட்சை எழுதி முடிச்ச கையோட கட்டணுமாம். இல்லேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடுமாம்."

"பரீட்சை எழுதின அன்னிக்கேவா? பேப்பர் யாரு திருத்தறது?"

கோதைநாயகி சிரித்து மழுப்பினாள். ரோசரிக்குச் சிரிப்பு வரவில்லை. தான் யோசிக்காமல் பணம் அனுப்பியது நெஞ்சில் உறுத்தியது. மறுநாள் மத்தியான இடைவேளையில் கன்டோன்மென்ட்டில் இருக்கும் கலெக்டர் ஆபீஸுக்கு நடந்தாள்.

அங்கே சாரங்கபாணி என்ற குமாஸ்தா முதலில் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரோசரி நகரவில்லை. "சர்க்கார் அறிவிப்பெல்லாம் போடற ஜார்ஜ் கோட்டை கெஜட் இங்க வருதுல்ல? அதைப் பார்க்கணுங்க" என்று நின்றாள். கடைசியில் அவர் சமீபத்திய இதழ்களை எடுத்துப் போட்டார். அவள் பக்கம் பக்கமாகத் தேடினாள். சர்வீஸ் கமிஷனின் விளம்பரங்கள் இருந்தன. கட்டணத்தைச் சர்க்கார் கஜானாவில் கட்டிச் சலானை விண்ணப்பத்தோடு இணைக்கச் சொல்லியிருந்தது. நோட்டீஸில் கண்ட வேலை எதிலும் இல்லை.

"இதுல இல்லேன்னா பொய்யின்னு சொல்லிடலாமா?" என்று கேட்டாள்.

சாரங்கபாணி இப்போதுதான் நோட்டீஸை வாங்கிப் பார்த்தார். "அப்படிச் சட்டுனு சொல்ல முடியாதும்மா. யுத்தத்துக்காகச் சில தற்காலிக வேலைக்கு நேரா ஆள் எடுக்கறது உண்டு. ஆனா இந்த ஜில்லாவுல எடுத்தா எங்களுக்குத் தெரியாம நடக்காது. எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. ஆள் பேருக்கு மணியார்டர் அனுப்பச் சொல்றதும் வழக்கம் இல்லை. டைப்பிஸ்ட் வேலைக்கு ஏதும்மா டெபாசிட்? எதுக்கும் மெட்ராஸுக்கே கேட்டுடுங்க. நோட்டீஸ்ல இருக்கற விலாசத்துக்குக் கேட்காதீங்க, இலாகா ஆபீஸுக்கே கேளுங்க."

பதிலுக்கும் தானே பணம் கட்டி ரோசரி இலாகா ஆபீஸுக்குத் தந்தி அடித்தாள். அப்படி எந்த ஆளெடுப்பும் நடக்கவில்லை, பணம் வாங்க யாருக்கும் அதிகாரம் தரவில்லை என்று மெட்ராஸிலிருந்து பதில் வந்தது.

பராசரனிடம் காட்டினாள். அவர் முகம் வெளுத்தது.

"சத்தம் போடாதே ரோசரி. நோட்டீஸ் நம்ம சுவத்துலதான் இருந்துது. பள்ளிக்கூடம் பேரு என்னாகும்? கிழிச்சுப் போட்டுட்டுச் சும்மா இரு."

"கிழிச்சுட்டா, கட்டின பணம் திரும்பி வருங்களா சார்? ஞாயித்துக்கிழமை இன்னும் கொட்டப் போறாங்க."

"போலீஸுக்குப் போனியானா மறுபடி இந்தப் படி ஏறாதே."

பெண்களிடம் சொன்னாள். அவர்களும் நம்பவில்லை. அவள் சொன்னதை நம்ப முடியாத அளவுக்கு அந்த வேலைமேல் ஆசை வைத்திருந்தார்கள். "ஆபீசரை விரோதிச்சுண்டு எங்க பேரை அடிச்சுட வச்சுடாதேங்கோ டீச்சர்" என்று கோதைநாயகி அழுதாள். போலீஸ் ஸ்டேஷனிலோ, பணம் கொடுத்தவர் புகார் கொடுத்தால்தான் ஆகும் என்றார் இன்ஸ்பெக்டர். "நானும் கொடுத்தவதாங்க" என்று சொல்லி, மணியார்டர் ரசீதை மேஜைமேல் வைத்துப் புகாரில் ரோசரி கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்தோடு தன் வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

பரீட்சை புத்தூரில் ஒரு வாடகைக் கூடத்தில் நடந்தது. லால்குடி, முசிறியிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்திருந்தார்கள். வெளியே அவர்களுடைய பெற்றோர் பண முடிச்சை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோட்டும் டையும் தங்கச் சட்டக் கண்ணாடியுமாக ஸ்பெஷல் ஆபீசர் விடைத்தாள்களை வாங்கி ஒரு புரட்டுப் புரட்டினார். "எல்லாரும் பேஷா எழுதியிருக்கீங்க. டெபாசிட்டோட வரிசையா வாங்க" என்றார்.

கடைசி பெஞ்சிலிருந்து ரோசரி எழுந்தாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, இந்த வேலைக்கு விளம்பரம் எந்தக் கெஜட்டுல வந்துதுங்க? தேதி சொல்லுங்க."

அவர் சிரித்தார். "யுத்த காரியம்மா. எல்லாம் ரகசியம். கெஜட்டுல போடமாட்டோம்."

"ரகசியம்னா நோட்டீஸ் அச்சடிச்சு ஊரெல்லாம் ஒட்டுவீங்களா?"

கூடத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். அவர் குரல் தடித்தது. "பணம் கட்ட வக்கில்லாத பொண்ணு, கலாட்டா பண்ணுது. வெளியே அனுப்புங்க."

ரோசரி ரசீதைத் தூக்கிக் காட்டினாள். பிறகு மெட்ராஸ் தந்தியை வாசித்தாள். முதலில் இங்கிலீஷில், அப்புறம் வாசலில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி தமிழில். வகுப்பில் ஒருநாளும் உயராத அந்தக் குரல் கூடத்தின் மறுகோடிவரை போயிற்று. வரிசையில் முன்னால் நின்றிருந்த கோதைநாயகி, நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"நான் இதைக் கஜானாவுலேயே கட்டிடறேன் சார். சலான் எழுதிக் குடுங்கோ" என்றாள்.

அவரால் எழுதித் தர முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கதவை நோக்கி நடந்தார். அங்கே மப்டியில் நின்ற போலீஸ்காரர்கள் அவர் தோளில் கை வைத்தார்கள்.

கேஸ் நடந்து அவருக்குத் தண்டனை ஆயிற்று. போன பணத்தில் பாதிதான் மீண்டது. ரோசரியின் பணம் அந்தப் பாதியில் இல்லை. பராசரன் சொன்னபடியே அவளை நிறுத்திவிட்டார். சில வாரம் வீட்டில் தையல் வேலை செய்தாள். ஒருநாள் அம்மா, "நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமேடி" என்றபோது, "அந்தப் பொண்ணுங்க வரிசையில நிக்கறதைப் பார்த்துக்கிட்டு எப்படிம்மா?" என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் மாணவிகள் சும்மா இருக்கவில்லை. கோதைநாயகி முன்னால் நின்று, டீச்சர் இல்லாத பள்ளிக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டாள். பராசரன் ரோசரியின் வீட்டுக்கே வந்து, வாசலில் நின்றபடி, "தப்புப் பண்ணிட்டேன்மா, நாளைக்கு வந்துடு" என்றார். ரோசரி அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள்.

அதன்பிறகு வாரம் ஒருமுறை கலெக்டர் ஆபீஸுக்குப் போய், கெஜட்டில் வந்த உண்மையான விளம்பரங்களைக் குறித்துவந்து, டைப் அடித்து அதே சுவரில் ஒட்டினாள். மருந்துக்கடைக்கு வருகிறவர்கள்கூட மாடியேறிப் படித்துவிட்டுப் போனார்கள். அப்படி வந்த ஒன்றுக்குத்தான் கோதைநாயகி சலான் கட்டி, பரீட்சை எழுதி, மாசக்கணக்கில் காத்திருந்து உத்தரவு வாங்கினாள். ரோசரியும் விண்ணப்பிக்க நினைத்தாள், வயது தாண்டியிருந்தது. வயது வரம்பு போட்டிருந்த அந்த வரியை இரண்டாம் தரம் படித்துப் பார்த்தாள். பிறகு விளம்பரத்தைத் தப்பில்லாமல் டைப் அடித்து, நாலு மூலையிலும் பசை தடவி ஒட்டிவிட்டு வகுப்புக்குள் போனாள்.